சரிபாதி ஆகும் அந்தக் கணம்

[எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் மட்டும் திருத்தப்பட்டுள்ளன.]

இன்னைக்கு எபிசோடை நான் அசடு வழிஞ்ச ஒரு கதையோட ஆரம்பிக்கறேன்.

காலேஜ் முடிச்ச வருஷம், ஹார்டுவேர் வேலைக்கு ஒரு இன்டர்வியூ. எதிர்ல உட்கார்ந்திருந்தவர் பேப்பர்ல ரெண்டே ரெண்டு பொருளை வரைஞ்சார். ஒரு கெப்பாசிட்டர், ஒரு இன்டக்டர். நடுவுல ஒரு ஸ்விட்ச். "கெப்பாசிட்டர் முழுசா சார்ஜ் ஆகியிருக்கு. இப்ப ஸ்விட்சை மூடறேன். எனர்ஜி ரெண்டுலயும் சரிபாதியா இருக்கறது முதல்ல எப்போ?"ன்னு கேட்டார்.

இது எனக்கு மனப்பாடம். "T/8 நேரத்துல சார். அப்ப கெப்பாசிட்டர்ல இருக்கற சார்ஜ் Q/√2"ன்னு டக்குன்னு சொன்னேன். அவர் தலையாட்டிட்டு, "சரி, அந்த நேரத்துல சர்க்யூட்ல என்ன நடந்துட்டு இருக்கும்?"னு கேட்டார். நான் யோசிக்கவே இல்ல. "ரெண்டும் சமமாயிடுச்சு இல்லையா சார், அதனால அந்த ஒரு கணம் எனர்ஜி எங்கயும் போகாம நிக்கும்"னு சொன்னேன்.

அவர் பேனாவை மூடி வச்சார். வேலை கிடைக்கல.

விடை சரி, ஆனா விடைக்குப் பின்னாடி இருந்த படம் மொத்தமும் தப்பு. தராசு மாதிரி நினைச்சிட்டேன். ரெண்டு தட்டும் சமமானா முள் நிக்கும், அந்த மாதிரி. உண்மை இதுக்கு நேர் எதிர். அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

கணக்கு சுலபமா வர்ற ஒரு சர்க்யூட்டை எடுத்துக்குவோம். கெப்பாசிட்டர் 1 மைக்ரோஃபாரட். இன்டக்டர், அதாவது காயில், 10 மில்லிஹென்றி. கெப்பாசிட்டரை 10 வோல்ட் வரைக்கும் சார்ஜ் பண்ணியிருக்கோம். இப்போதைக்குக் காயில்ல ரெசிஸ்டன்ஸே இல்லைன்னு வச்சுக்குவோம். மொத்த எனர்ஜி 50 மைக்ரோஜூல். ரொம்பச் சின்ன தொகைதான், ஆனா இன்னைக்கு நம்ம கணக்கு முழுக்க இந்த 50-ஐ வச்சுத்தான்.

ஸ்விட்சை மூடினதும் கெப்பாசிட்டர் காயில் வழியா காலியாக ஆரம்பிக்குது. ஆனா காயிலோட குணம், கரன்ட் சட்டுன்னு மாறறதை அது விடாது. அதனால கரன்ட் பூஜ்யத்துல இருந்து மெதுவாத்தான் ஏறும். ஏற ஏற, கெப்பாசிட்டரோட மின்புலத்துல இருந்த எனர்ஜி காயிலோட காந்தப்புலத்துக்கு மாறுது. கெப்பாசிட்டர் முழுசா காலியாகும்போது கரன்ட் உச்சத்துல இருக்கும். நம்ம சர்க்யூட்ல அது 100 மில்லி ஆம்பியர். இப்போ 50 மைக்ரோஜூலும் காயில்கிட்ட. கரன்டைக் காயில் நிறுத்த விடாது இல்லையா, அது ஓடிக்கிட்டே போய் கெப்பாசிட்டரைத் தலைகீழா சார்ஜ் பண்ணும். அப்புறம் திரும்பி வரும். இப்படி ஒரு முழுச் சுற்றுக்கு 628 மைக்ரோ செகண்ட் ஆகும். கெப்பாசிட்டர் முதல் தடவை காலியாகறது அதுல கால்வாசி நேரத்துல, 157 மைக்ரோ செகண்ட்ல.

இப்போ சரிபாதிக்கு வருவோம். 50-ல 25 இங்க, 25 அங்க. அப்போ கெப்பாசிட்டர்ல எத்தனை வோல்ட் இருக்கும்? முதல்ல வாயில வர்றது "5 வோல்ட்"தான். தப்பு. 7.07 வோல்ட்.

ஏன்னு புரிய, ஒரு பஸ்ஸை நினைச்சுக்கோங்க. முதல்ல ஏறறவங்க சிரமமே இல்லாம உட்கார்ந்துடுவாங்க. நிரம்ப நிரம்ப, அடுத்த ஆளை உள்ள தள்றது கஷ்டமாகிட்டே போகும். கெப்பாசிட்டர்லயும் அப்படித்தான். ஏற்கெனவே உள்ள இருக்கற சார்ஜ், புதுசா வர்ற சார்ஜை எதிர்த்துத் தள்ளும். கடைசியா ஏத்தற சார்ஜுக்குத்தான் அதிக வேலை செய்யணும். அதனால எனர்ஜி சார்ஜ் முழுக்க ஒரே சீரா பரவியிருக்கறது இல்ல, மேல்பக்கத்துலதான் அடர்த்தியா இருக்கு. வெளியே வரும்போது அந்த மேல்பகுதிதான் முதல்ல வருது. மொத்த சார்ஜ்ல வெறும் 29 சதவீதம் வெளியேறின உடனே, பாதி எனர்ஜி போயிடுது. மிச்சம் 71 சதவீதம் சார்ஜ் உள்ளேயே இருக்கு. அதுதான் அந்த 7.07 வோல்ட்.

அப்போ 5 வோல்ட் ஆகும்போது? சார்ஜ் பாதி, எனர்ஜி கால்வாசி. கெப்பாசிட்டர்ல 12.5, காயில்ல 37.5 மைக்ரோஜூல். அது சரிபாதியெல்லாம் தாண்டி ரொம்ப நேரம் ஆனப்புறம், சுமார் 105 மைக்ரோ செகண்ட்ல வரும். சரிபாதி வர்றது 78.5 மைக்ரோ செகண்ட்ல. 628-ஐ எட்டால வகுத்துப் பாருங்க. நான் மனப்பாடம் பண்ண T/8 இதுதான்.

இப்போ அவர் கேட்ட ரெண்டாவது கேள்வி. அந்தக் கணத்துல என்ன நடக்குது?

எனர்ஜி எவ்வளவு வேகமா கை மாறுதுன்னு தெரிஞ்சுக்க, வோல்டேஜையும் கரன்டையும் பெருக்கினா போதும். ஸ்விட்சை மூடின நொடியில வோல்டேஜ் 10, கரன்ட் பூஜ்யம். பெருக்கினா பூஜ்யம். கெப்பாசிட்டர் காலியாகற நேரத்துல கரன்ட் 100 மில்லி ஆம்பியர், வோல்டேஜ் பூஜ்யம். அங்கயும் பூஜ்யம். எனர்ஜி நிக்கறது இந்த ரெண்டு இடத்துலதான்! எல்லாமே ஒருத்தர்கிட்ட இருக்கற நேரத்துல.

நடுவுல பாருங்க. 8.66 வோல்ட் இருக்கும்போது கரன்ட் 50 மில்லி ஆம்பியர், பெருக்கினா 0.43 வாட். 5 வோல்ட் இருக்கும்போது கரன்ட் 86.6, அதுவும் 0.43 வாட். சரிபாதி கணத்துல 7.07 வோல்ட், 70.7 மில்லி ஆம்பியர். பெருக்கினா 0.5 வாட். அதுதான் உச்சம். நான் "எனர்ஜி நிக்கும்"னு சொன்ன அதே கணத்துலதான், அது எல்லாத்தையும் விட வேகமா ஓடிட்டு இருக்கு.

ஏன் நிக்கலைங்கறதுக்கும் விடை அங்கயே இருக்கு. அந்த நேரத்துல காயில் மேல இன்னும் 7 வோல்ட் தள்ளிட்டு இருக்கு. காயில் மேல வோல்டேஜ் இருக்கற வரைக்கும் கரன்ட் ஏறிட்டேதான் இருக்கும். யார்கிட்ட எவ்வளவு எனர்ஜி இருக்குன்னு சர்க்யூட்டுக்குத் தெரியாது. சமம்கறது நாம கணக்குப் போட்டுப் பார்க்கற விஷயம்.

இதைக் கண்ணால பார்க்காம எனக்கு மனசு ஆறல. பழைய காலேஜ்ல லேப் அசிஸ்டென்ட் அண்ணன்கிட்ட கெஞ்சி ஒரு சாயங்காலம் உள்ள போனேன். நீங்களும் செஞ்சு பார்க்கலாம்ங்கறதால விவரமா சொல்றேன்.

அண்ணன் முதல்ல பிடுங்கினது என் கையில இருந்த எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரை. "தம்பி, இதுல வோல்டேஜ் தலைகீழா மாறும். பிளஸ் மைனஸ் போட்ட கெப்பாசிட்டர் ஆகாது, ஃபிலிம் கெப்பாசிட்டர் எடு"ன்னார். அடுத்து, கரன்டைப் பார்க்க 1 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணை காயிலோட தொடரா சேர்த்தோம். 100 மில்லி ஆம்பியர் போனா அதுல 100 மில்லிவோல்ட் தெரியும். ஆஸிலோஸ்கோப்ல ஒரு சேனல் கெப்பாசிட்டருக்கு, இன்னொண்ணு இந்த ரெசிஸ்டருக்கு.

இங்க ஒரு பொறி இருக்கு. சாதாரண ஸ்கோப்ல ரெண்டு புரோபோட கிரவுண்டு கிளிப்பும் உள்ளுக்குள்ள ஒண்ணு. ரெண்டையும் வேற வேற இடத்துல மாட்டினா நடுவுல இருக்கற பொருள் ஷார்ட் ஆயிடும். அதனால கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும் சேர்ற இடத்துலதான் ரெண்டு கிளிப்பையும் மாட்டணும்.

முதல் சேனலை ஒரு கட்டத்துக்கு 5 வோல்ட்னும், ரெண்டாவதை 50 மில்லிவோல்ட்னும் வச்சார். நம்ம கணக்குல 10 வோல்டும் 100 மில்லி ஆம்பியரும் ஒரே 50 மைக்ரோஜூல். இப்படி வச்சா ரெண்டுமே ரெண்டு கட்டம் உயரம். அதாவது திரையில உயரம் சமம்னா எனர்ஜி சமம்.

ஸ்விட்சோட கான்டாக்ட் துள்ளினதால முதல் சில தடவை அலை துண்டு துண்டா வந்தது. சிங்கிள் டிரிகர்ல வச்சுத் திரும்பத் திரும்பப் போட்டு, ஒரு தடவை சுத்தமா பிடிச்சோம். ஒரு கோடு மேல இருந்து இறங்குது, இன்னொண்ணு கீழே இருந்து ஏறுது. ரெண்டும் வெட்டிக்கற இடம் 80 மைக்ரோ செகண்டுக்குப் பக்கத்துல. அண்ணன் ஸ்கோப்லயே ரெண்டு சேனலையும் பெருக்கச் சொன்னார். புதுசா ஒரு மலை வந்தது. அதோட உச்சி அந்த வெட்டுப்புள்ளிக்கு மேலயே இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு இருந்தேன்.

இன்னொண்ணையும் அன்னைக்குத்தான் கவனிச்சேன். அலை ஒவ்வொரு சுற்றுக்கும் தேய்ஞ்சுக்கிட்டே போச்சு. காயில்ல 9 ஓம், நாங்க சேர்த்தது 1 ஓம், மொத்தம் 10 ஓம். இதுக்குக் கணக்குப் போட்டா, ஒரே ஒரு சுற்று முடியறதுக்குள்ள 50 மைக்ரோஜூல் சுமார் 27 ஆயிடுது. மிச்சம் சூடா போயிடுது. அதனால ரெண்டாவது சுற்றுல "சரிபாதி"ன்னா 25 இல்ல, அந்த நேரத்துல மிஞ்சியிருக்கறதுல பாதி. பரீட்சையில "ரெசிஸ்டன்ஸ் இல்லை எனக் கொள்க"ன்னு போடறது இதுக்காகத்தான்.

ஒரு சுற்றுல சரிபாதி எத்தனை தடவை வரும்? நாலு தடவை. ஆனா திரையில கோடுகள் வெட்டிக்கறது ரெண்டு தடவைதான். மத்த ரெண்டு தடவை ஒண்ணு மேலயும் ஒண்ணு கீழயும் அதே உயரத்துல இருக்கும். எனர்ஜிக்குக் குறி கிடையாது, அதனால அதையும் எண்ணணும். வெட்டறதை மட்டும் எண்ணி ரெண்டுன்னு எழுதிடாதீங்க.

முடிக்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. இதே சர்க்யூட்ல, காயில்கிட்ட இருக்கறதைப் போல மூணு மடங்கு எனர்ஜி கெப்பாசிட்டர்கிட்ட இருக்கறது முதல் தடவை எப்போ? வோல்டேஜ் எவ்வளவுன்னு நான் மேலேயே சொல்லிட்டேன், நேரத்தை நீங்க கண்டுபிடிங்க. அது T/16-னு தோணுச்சுன்னா, தராசு இன்னும் மனசுல இருக்குன்னு அர்த்தம்.

அடுத்த எபிசோட்ல விடையோட வர்றேன்.