எங்கள் அட்டவணையில் இரண்டு Zhang 2014b

இன்னைக்கு நான் பேசப் போறது ஒரு அட்டவணையைப் பத்தி. அதுவும் கட்டுரையோட கடைசியில, யாரும் திறந்து பார்க்க மாட்டாங்கன்னு நாம நினைக்கிற பின்னிணைப்பில இருக்கிற அட்டவணை.

நான் ஊடுபயிர் சாகுபடி பத்தி ஒரு மெட்டா அனாலிசிஸ் செய்துகிட்டிருந்தேன். தெரியாதவங்களுக்கு ஒரு வரி: ஒரே கேள்விக்கு உலகம் முழுக்க நடந்த வயல் ஆய்வுகளைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் எண்களை எடுத்து, எல்லாத்தையும் சேர்த்து ஒரே கணக்கா போடுறது. எங்க கேள்வி, ரெண்டு பயிரைச் சேர்த்துப் போட்டா தனித்தனியா போடுறதைவிட மகசூல் எவ்வளவு கூடுது என்பது. தேடி, வடிகட்டி, கடைசியா 312 கட்டுரைகள் கைக்கு வந்தன. அத்தனையையும் கட்டுரையோட பின்னிணைப்பில ஒரு அட்டவணையா கொடுக்கணும்: ஆசிரியர், ஆண்டு, நாடு, பயிர்கள், வரிசை விகிதம், முழு மேற்கோள். எண்களெல்லாம் முடிஞ்சாச்சு, இது வெறும் தட்டச்சு வேலை, ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்னு நினைச்சேன். மூணு வாரம் ஆச்சு. அதுவும் அனுப்பினதுக்கு அப்புறம்.

ஏன்னா ரிவியூவர் ஒருத்தர் அட்டவணையைத் திறந்து பார்த்துட்டார். அவர் எழுதினதோட சாரம் இதுதான்: "உங்க அட்டவணையில Zhang 2014b மக்காச்சோளம்–சோயா ஆய்வு. ஆனா மேற்கோள் பட்டியல்ல Zhang 2014b-ன்னு இருக்கிற கட்டுரை கோதுமை–மக்காச்சோளம் பத்தினது. எது சரி?"

எனக்குக் கை கால் ஓடல. தப்பான கட்டுரையிலிருந்து எண் எடுத்துட்டோமான்னு முதல்ல பயம். பிடிஎஃப்பைத் திறந்து பார்த்தா, எண்கள் சரி. எழுத்துதான் தப்பு.

நடந்தது என்னன்னா, நான் படிக்கப் படிக்க a, b, c-ன்னு பேர் வச்சிருக்கேன். முதல்ல படிச்சது a, அடுத்தது b. ஆனா மேற்கோள் மென்பொருளுக்கு என் வாசிப்பு வரிசை தெரியாது. ஒரே ஆசிரியர் பேர், ஒரே ஆண்டு வந்தா, அது பட்டியலை வழக்கமா தலைப்போட அகர வரிசையில அடுக்கி, தானே a, b போடும். கடைசி நேரத்துல புதுசா ஒரு கட்டுரையைச் சேர்த்தா, பழைய b கூட c ஆகிடும். ஊடுபயிர் ஆய்வுகள் சீனாவிலும் இந்தியாவிலும் நிறைய நடந்திருக்கு. அதனால Zhang, Li, Wang, Singh, Kumar எல்லாம் கும்பல் கும்பலா வருவாங்க. எங்க பட்டியல்ல இப்படி எழுத்து மாறிக் கிடந்தது ஒண்ணு ரெண்டு இல்ல.

அதனால a, b-யை நம்புறதையே விட்டோம். ஒவ்வொரு ஆய்வுக்கும் S001, S002-ன்னு ஒரு எண். ஒரு தடவை கொடுத்தா மாறவே மாறாது. ஒரு ஆய்வை நீக்கினாலும் அந்த எண்ணை வேற எதுக்கும் கொடுக்கக் கூடாது. தரவுக் கோப்பு, மேற்கோள் கோப்பு, அட்டவணை எல்லாத்துலயும் முதல் பத்தி அந்த எண்தான். அப்புறம் ஆர்-ல ரெண்டே வரி:

```r
setdiff(effects$study_id, refs$study_id)
setdiff(refs$study_id, effects$study_id)
```

முதல் வரி, எண்கள் இருக்கு ஆனா மேற்கோள் இல்லாத ஆய்வுகளைக் காட்டும். ரெண்டாவது, மேற்கோள் இருக்கு ஆனா கணக்கில இல்லாதவை. ரெண்டுக்கும் `character(0)` வரணும். எங்களுக்கு ரெண்டாவது வரியில ஒன்பது எண்கள் வந்து விழுந்தன. எல்லாம் பாதியில நாங்க நீக்கின ஆய்வுகள், பட்டியல்ல மட்டும் குடியிருந்தன. ஆனா ஒண்ணு: எண் ரெண்டு பக்கமும் இருக்கான்னுதான் இது பார்க்கும். S047-க்கு எதிரே தப்பான கட்டுரையையே நீங்க எழுதி வச்சிருந்தா அதுக்குத் தெரியாது. அதுக்காக முப்பது வரிசைகளைக் குலுக்கலா எடுத்து, பிடிஎஃப்போட கையால ஒப்பிட்டோம்.

அடுத்தது வரிசை விகிதம். ஒரு வரிசை மக்காச்சோளம், ரெண்டு வரிசை சோயான்னா 1:2-ன்னு எழுதுவோம். எக்ஸெல்லுக்கு அது விகிதம் இல்லை, ராத்திரி ஒரு மணி ரெண்டு நிமிஷம். திரையில 1:02-ன்னு தெரியும், பெருசா உறுத்தாது. அட்டவணையை ஸ்கிரிப்ட் வழியா உருவாக்கினப்போதான் அந்தப் பத்தி முழுக்க 0.0430555-ன்னு வந்து நின்னுச்சு. ஒரு நாளைக்கு 1440 நிமிஷம், அதுல 62 நிமிஷம். அதான் அந்த எண். நல்லவேளை, இதைத் திரும்ப எடுத்துடலாம்:

```
=HOUR(A2)&":"&MINUTE(A2)
```

இது 1:2-ன்னு திருப்பிக் கொடுக்கும். பத்தியை முன்னாடியே Text-ன்னு மாத்திட்டு தட்டச்சு செஞ்சிருந்தா இது எதுவுமே வேண்டாம். அப்புறமா மாத்தினா அந்தத் தசம எண்தான் கிடைக்கும். எக்ஸெல் இப்படிப் பண்றது எங்களுக்கு மட்டும் இல்லை. மரபணுப் பேர்கள் தேதியா மாறுதுன்னு, 2020-ல SEPT1-ஐ SEPTIN1-ன்னும் MARCH1-ஐ MARCHF1-ன்னும் பேரையே மாத்திட்டாங்க. மென்பொருள் மாறல, மரபணு மாறிடுச்சு!

இதெல்லாம் கூட வடிவம் சார்ந்த தப்பு. உண்மையில் என்னைத் தூங்க விடாதது வேற.

ஆசிரியர் பேர் வரிசையில இருந்த அட்டவணையை, ஒரு நாள் சும்மா இடம், அப்புறம் விதைச்ச ஆண்டுன்னு மாத்தி அடுக்கிப் பார்த்தேன். ஒரே ஊர், ஒரே ரெண்டு பருவம், ஒரே மண் அமில காரக் குறியீடு, ஒரே பயிர் ரகம். மூணு வரிசை அடுத்தடுத்து. ஒண்ணு முனைவர் பட்ட ஆய்வேடு, மத்த ரெண்டும் அதிலிருந்து வந்த கட்டுரைகள். ஒண்ணுல ஆய்வு மாணவர் முதல் ஆசிரியர், இன்னொண்ணுல வழிகாட்டி. அதனால பேர் வரிசையில அவை பக்கத்துல வரவே இல்லை. மகசூல் எண்களும் தசமம் வரை ஒண்ணு. அதாவது ஒரே வயலை நாங்க மூணு வயலா எண்ணி, மூணு மடங்கு எடை கொடுத்திருக்கோம்.

கட்டுரை வேற, ஆய்வு வேற. ஒரு ஆய்வுல இருந்து பல கட்டுரைகள் வரலாம். ஒரு கட்டுரைக்குள்ள ரெண்டு ஊர்ல நடந்த ரெண்டு ஆய்வும் இருக்கலாம். இப்படி அறிக்கை எழுதுறதுக்கான பிரிஸ்மா 2020 வழிகாட்டியோட ஓட்டப்படத்துல, கடைசிப் பெட்டியிலேயே ஆய்வுகள் எத்தனை, அவற்றைச் சொல்லும் அறிக்கைகள் எத்தனைன்னு ரெண்டு எண் தனித்தனியா கேட்பாங்க. நாங்க ரெண்டுலயும் 312-ன்னு போட்டிருந்தோம். எல்லாத்தையும் இடவாரியா அலசி முடிச்சப்போ 287 ஆய்வுகள், 312 அறிக்கைகள். அட்டவணையில ஒரு ஆய்வுக்கு ஒரு வரிசை, அதுக்குள்ள அதோட எல்லா மேற்கோளும். கணக்கை முழுசா திரும்ப ஓட்டினோம். சராசரி பெருசா நகரல, ஆனா பருப்புப் பயிர் பிரிவுல நம்பக இடைவெளி அகலமாச்சு. நாங்க எழுதியிருந்த ஒரு வாக்கியத்தை எடுக்க வேண்டியதாச்சு. எனக்குப் பிடிச்ச வாக்கியம் அது.

கடைசியா ஒண்ணு. பின்னிணைப்பில மட்டும் இருக்கிற மேற்கோள்களை வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோப்பஸ் மாதிரி தரவுத்தளங்கள் பொதுவா எண்ணுறதில்லை. கட்டுரையோட முக்கியப் பட்டியலைத்தான் எடுப்பாங்க. மூணு வருஷம் வெயில்ல நின்னு வயல் அளந்தவங்களோட எண்கள்தான் எங்க கட்டுரையே, ஆனா அவங்க கணக்குல ஒரு மேற்கோள் கூட ஏறாது. அதனால ஆசிரியர் குழுவுக்கு எழுதி, 312-ஐயும் முக்கியப் பட்டியல்லயே நட்சத்திரக் குறி போட்டுச் சேர்க்கலாமான்னு கேட்டோம். இணையப் பதிப்புக்குப் பக்க வரம்பு இல்லைன்னு ஒத்துக்கிட்டாங்க. எல்லா இதழும் ஒத்துக்காது. டிஓஐ இல்லாத பழைய ஆய்வேடுகளுக்கு மட்டும் பல்கலைக்கழகப் பேர், ஊர், ஆண்டு எழுதி விட்டிருக்கோம். அதுல நாலு ஆய்வேடு ஒரு நூலகத்துல மட்டும்தான் இருக்கு. எந்த அலமாரின்னு கூட அட்டவணையில போட்டேன்.