இனிஷியல் எங்கே நிற்க வேண்டும்?

முதல் புத்தகம் வெளிவரவிருக்கும் ஓர் எழுத்தாளர், பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தை அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினார். அவரை மீனாட்சி என்று வைத்துக்கொள்வோம். அப்பா சண்முகம், கணவர் இராமலிங்கம். பத்திரிகைகளில் ‘ச. மீனாட்சி’ என்ற பெயரில் கதைகள் எழுதிவருகிறார். வங்கிக் கணக்கில் ‘ஆர். மீனாட்சி’. பாஸ்போர்ட்டில் ‘மீனாட்சி சண்முகம்’. பதிப்பகம் அனுப்பிய ஒப்பந்தத்திலோ ‘மீனாட்சி ஆர்.’ என்று இருந்தது. “அட்டையில் என் பெயரை எப்படிப் போடுவீர்கள்?” என்று ஒரே ஒரு வரிதான் அவர் கேட்டிருந்தார்.

அந்த ஒரு வரி போதாது என்றேன். நூலகங்களில் புத்தகத்துக்குப் பதிவு எழுதும் வேலையில் இருப்பவர்கள் முதலில் பார்ப்பது அட்டையை அல்ல. உள்ளே, புத்தகத்தின் பெயரும் ஆசிரியர் பெயரும் பதிப்பகத்தின் பெயரும் சேர்ந்து அச்சாகும் தலைப்புப் பக்கம் இருக்கிறதே, அதைத்தான் பார்ப்பார்கள். அட்டை வடிவமைப்பாளர் அழகுக்காகப் புள்ளியை எடுத்துவிடலாம்; முதுகுப்பகுதி ஒல்லியாக இருந்தால் இனிஷியலையே விட்டுவிடலாம். தலைப்புப் பக்கத்தில் இருப்பதுதான் நூலகப் பட்டியலுக்குப் போகும். ஆகவே கடிதத்தில் முதலில் கேட்க வேண்டியது, அட்டை, முதுகு, தலைப்புப் பக்கம் மூன்றிலும் ஒரே வடிவம் வருமா என்பது. ‘ச’ என்ற எழுத்து, அதை ஒட்டி ஒரு புள்ளி, பிறகு ஓர் இடைவெளி, அப்புறம் மீனாட்சி. இனிஷியல் ஒரு வரியின் கடைசியிலும் பெயர் அடுத்த வரியிலுமாகப் பிரிந்துவிடக் கூடாது என்பதையும் எழுதச் சொன்னேன்.

அடுத்தது பட்டியல். இங்கேதான் நம் பெயர்கள் அதிகம் சிக்கிக்கொள்கின்றன. பட்டியலில் ஓர் எழுத்தாளரை எந்தச் சொல்லின் கீழ் தேடுவது? குடும்பப் பெயர் கடைசியில் வரும் நாடுகளில் இதற்கு எளிய விடை உண்டு; கடைசிச் சொல்லை முன்னால் கொண்டுவந்துவிடுவார்கள். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. இனிஷியல் ஊரையும் அப்பாவையும் குறிக்கிறது. ஆளைக் குறிப்பது அவருடைய சொந்தப் பெயர். சீர்காழியில் 1892-இல் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் இதை நன்றாக அறிந்தவர். அவருடைய எஸ் சீர்காழி என்ற ஊர், ஆர் ராமாமிர்தம் என்ற தந்தை. 1934-இல் வெளிவந்த அவருடைய பட்டியலாக்க விதிநூலின் முறைப்படி எழுதினால் ரங்கநாதன் என்பது முன்னால் நிற்கும், இனிஷியல்கள் அதற்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் போகும். இன்று உலகெங்கும் நூலகங்கள் அடைப்புக்குறிக்குப் பதில் காற்புள்ளி போடுகின்றன. அந்தக் கணக்கில் நம் எழுத்தாளர் ‘மீனாட்சி, ச.’ என்று ம வரிசையில் நிற்க வேண்டும்.

இந்த வடிவம் கடல் கடந்தும் செல்லுபடியாகும் என்பதற்கு ஆர். கே. நாராயணே சாட்சி. ராசிபுரம் கிருஷ்ணசுவாமி நாராயணசுவாமி என்ற பெயரை, 1935-இல் முதல் நாவல் லண்டனில் வெளியானபோது கிரகாம் கிரீனின் யோசனைப்படி சுருக்கினார்கள். ஊரும் தந்தையும் இனிஷியல்களாகவே முன்னால் நின்றதால், எல்லா நாட்டு நூலகங்களிலும் அவர் தம் சொந்தப் பெயரான நாராயண் என்பதன் கீழேயே கிடைக்கிறார்.

மீனாட்சி தலைப்புப் பக்கத்தில் ‘மீனாட்சி சண்முகம்’ என்று விரித்துப் போட்டிருந்தால் என்ன ஆகும்? தமிழ்ப் பெயரின் அமைப்பு தெரியாத பட்டியலாளர் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, புத்தகத்தைச் சண்முகத்தின் கீழே வைத்துவிடுவார். எழுதியவர் மகள், பட்டியலில் நிற்பவர் அப்பா. ‘மீனாட்சி ச.’ என்று இனிஷியலைப் பின்னால் போட்டாலும் இதே ஆபத்துதான். கணினி ‘ச’ என்ற ஒற்றை எழுத்தையே குடும்பப் பெயராக நினைத்துக்கொள்ளும்.

ஐஎஸ்பிஎன் எண்ணுக்கும் இணையக் கடைகளுக்கும் பதிப்பகம் நிரப்பும் படிவங்களில் பெரும்பாலும் இரண்டு கட்டங்கள் இருக்கும்: முதற்பெயர், கடைசிப் பெயர். இதில் மீனாட்சி என்பதைக் கடைசிப் பெயர்க் கட்டத்திலும் ‘ச.’ என்பதை முதற்பெயர்க் கட்டத்திலும் போட வேண்டும். பார்க்கத் தலைகீழாகத் தோன்றும். ஆனால் திரையில் அது ‘ச. மீனாட்சி’ என்று சரியாக விழும். அகரவரிசைப் பட்டியலில் ‘மீனாட்சி, ச.’ என்று சரியாகத் திரும்பும். மாற்றிப் போட்டுவிட்டால் ‘ச., மீனாட்சி’ என்று வரும். உங்கள் புத்தகம் ஏற்கெனவே வந்துவிட்டதா? பதிப்பகத்தின் விலைப்பட்டியலை எடுத்து, ஆசிரியர் வரிசையில் உங்கள் பெயர் எந்த எழுத்தின் கீழ் இருக்கிறது என்று பாருங்கள். இனிஷியலின் எழுத்தில் இருந்தால் கட்டம் மாறியிருக்கிறது என்று பொருள்.

ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்பதையும் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும். தமிழில் ச, சி, சு, செ எல்லாம் வேறு வேறு இனிஷியல்கள். ஆங்கிலத்தில் அத்தனையும் ஒரே எஸ் ஆகிவிடும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இதைத் தவிர்க்கத் தமிழ் எழுத்தை அப்படியே பெயர்த்து எழுதுகிறது. அந்த முறையில் நம் எழுத்தாளர் `Mīṉāṭci, Ca.` ஆவார். அட்டையின் பின்பக்கத்தில் `S. Meenakshi` என்று போட்டால், இரண்டும் ஒருவர்தான் என்று நூலகர் அறிய ஒரு துப்பு வேண்டும். நூல் விவரப் பக்கத்தில் இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்து அச்சிட்டால் அந்தத் துப்பு கிடைத்துவிடும்.

இத்தனை செய்தும் இனிஷியல் ஆளைப் பிரித்துக் காட்டாத இடங்கள் உண்டு. ‘சஞ்சாரம்’ நாவலுக்காக 2018-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றவர் எஸ். ராமகிருஷ்ணன். க்ரியா பதிப்பகத்தை நடத்தியவரும் எஸ். ராமகிருஷ்ணன்தான். வாசகர்கள் ‘க்ரியா’ ராமகிருஷ்ணன் என்று சொல்லிப் பிரித்துக்கொண்டார்கள். நூலகங்கள் பிறந்த ஆண்டைச் சேர்த்துப் பிரிக்கும். மீனாட்சி என்பது ஊருக்கு ஊர் உள்ள பெயர். அதனால் ஆசிரியர் குறிப்பில் பிறந்த ஆண்டைத் தரச் சம்மதமா என்று அவரிடம் கேட்டேன். வயதைச் சொல்லத் தயங்குபவர்களை நான் வற்புறுத்த மாட்டேன், அவர் சம்மதித்தார்.

மிச்சமிருந்தது ‘ஆர்’ என்ற கணவரின் இனிஷியல். திருமணத்துக்குப் பின் இனிஷியல் மாறிய பெண் எழுத்தாளர்களின் நூல்கள் பட்டியலில் இரண்டு ஆட்களாகப் பிரிந்து கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். எந்தப் பெயரில் வாசகர்கள் அறிந்திருக்கிறார்களோ, அதையே வைத்துக்கொள்வதுதான் நல்லது. ராயல்டி வங்கிக்குப் போக வேண்டுமே என்றார். அதற்கு ஒப்பந்தத்தில் வங்கிப் பெயரைத் தனியாகவும், நூலில் அச்சாகும் பெயரைத் தனியாகவும் எழுதினால் போதும்.

கடைசியில் அவர் அனுப்பிய கடிதம் இப்படி அமைந்தது:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். என் நூலின் அட்டை, முதுகு, தலைப்புப் பக்கம் மூன்றிலும் என் பெயர் ‘ச. மீனாட்சி’ என்றே வர வேண்டுகிறேன். ‘ச’ என் தந்தை சண்முகத்தைக் குறிப்பது; அதை விரிக்க வேண்டாம், பெயருக்குப் பின்னால் வைக்கவும் வேண்டாம். தங்கள் விலைப்பட்டியலிலும் ஐஎஸ்பிஎன் படிவத்திலும் ‘மீனாட்சி’ என்பதையே தேடுசொல்லாகக் கொண்டு, ‘மீனாட்சி, ச.’ என்று பதிவு செய்ய முடியுமா? ஆங்கில வடிவம் `S. Meenakshi`. ஒப்பந்தத்தில் உள்ள ‘மீனாட்சி ஆர்.’ என்பதை ‘ஆர். மீனாட்சி’ என்று திருத்தி, வங்கிக்கு மட்டும் பயன்படுத்தக் கோருகிறேன். படிவம் அனுப்பும் முன் தலைப்புப் பக்கத்தின் மெய்ப்பையும் நூல் விவரப் பக்கத்தின் மெய்ப்பையும் எனக்குக் காட்டினால் நன்றியுடையவளாவேன்.”

பதிப்பாளர் எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். முதுகில் இடம் போதாது, இனிஷியலை விட்டுவிடலாமா என்று மட்டும் கேட்டிருந்தார். எழுத்தின் அளவைக் குறைத்தாவது ‘ச.’ வரட்டும் என்று மீனாட்சி பதில் எழுதியிருக்கிறார்.