நினைவும் தாட்சணியமும்



மத்திய அரசு அலுவலகங்களில் ஜூன் மாதம் எழுத்து வேலை மிகுந்த மாதமாகும். மார்ச் 31ஆம் தேதியோடு முடிந்த ஆண்டில் தம் கீழ்ப் பணிபுரிந்தவர்களைப் பற்றி ஒவ்வோர் அதிகாரியும் ஜூன் 30ஆம் தேதிக்குள் மதிப்பீட்டு அறிக்கை எழுதி முடித்தாக வேண்டும். ஊழியர் தம் பணியைப் பற்றித் தாமே எழுதும் சுயமதிப்பீடு ஏப்ரல் நடுவிலேயே வந்துவிடுகிறது. அதன்மேல் நேரதிகாரி மதிப்பெண் இடுகிறார். அடுத்த மேலதிகாரி அதனை மறுபார்வை செய்கிறார். இவ்வறிக்கையில் புகுந்துவிடும் பிழைகள் பல. அவற்றுள் நினைவினால் வரும் பிழை ஒன்றையும், தாட்சணியத்தினால் வரும் பிழை ஒன்றையும் மட்டும் இன்று எடுத்துக்கொண்டு, அவை எவ்வாறு நேர்கின்றன, எவ்வாறு திருத்தப்படுகின்றன என்பதைக் கூற விரும்புகிறேன்.

முதலில் மதிப்பெண் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று முதல் பத்து வரை எண்கள் உண்டு. செய்த வேலைக்கு நூற்றுக்கு 40 பங்கும், தனிப்பண்புகளுக்கு 30 பங்கும், தொழில் திறமைக்கு 30 பங்கும் கொடுத்து மொத்த எண் கணக்கிடப்படுகிறது. அவ்வெண் எட்டும் அதற்கு மேலுமானால் 'மிகச் சிறப்பு'. ஆறு முதல் எட்டுக்குள் என்றால் 'மிக நன்று'. நான்கு முதல் ஆறுக்குள் என்றால் 'நன்று'. கேட்பதற்கு 'நன்று' என்பது நல்ல சொல்லாகவே இருக்கிறது. ஆனால் பதவி உயர்வு இல்லாதவர்களுக்குப் பத்து, இருபது, முப்பது ஆண்டுகளில் கிடைக்கும் ஊதிய உயர்வுத் திட்டத்திற்குக் கூட, 2016 முதல் 'மிக நன்று' என்பதே அளவுகோலாக உள்ளது. ஆகவே ஆறுக்குச் சற்றுக் கீழே விழும் எண் ஒரு குடும்பத்தின் வருமானத்தையே பாதிக்கக்கூடியது.

இனி நினைவின் பிழைக்கு வருவோம். அண்மையில் நடந்தது மனத்தில் பெரிதாக நிற்கிறது. பத்து மாதங்களுக்கு முன் நடந்தது மங்கிவிடுகிறது. இதனை அண்மைப் பிழை எனலாம். நான் அறிந்த தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக அமைத்துக் காட்டுகிறேன்.

ஒரு மொழிபெயர்ப்புப் பிரிவில் ஓர் ஊழியர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜூலையில் துறையின் ஆண்டறிக்கை 240 பக்கங்களையும் குறித்த நாளுக்கு முன்பே மொழிபெயர்த்து முடித்தார். குளிர்காலக் கூட்டத்தொடரின்போது நாடாளுமன்ற வினாக்களுக்கான விடைகளை மாலையில் பெற்று மறுநாட் காலையில் பிழையின்றிக் கொடுத்தார். பிப்ரவரியில் இரண்டு கோப்புகள் அவரிடம் பத்து நாட்கள் தங்கிவிட்டன. பின்பு மே மாதத்தில் ஒரு சுற்றறிக்கையில் தொகை ஒன்றைத் தவறாக எழுதிவிட்டார். அதற்குத் திருத்தம் வெளியிட நேர்ந்தது.

ஜூன் 25ஆம் தேதி அதிகாரி பேனாவை எடுக்கிறார். அவர் மனத்தில் முதலில் எழுவது மே மாதத்துத் தொகைப் பிழை. அடுத்து எழுவது பிப்ரவரித் தாமதம். சுயமதிப்பீட்டைப் புரட்டிப் பார்த்தால், "ஒப்படைக்கப்பட்ட பணிகள் அனைத்தையும் செவ்வனே முடித்தேன்" என்ற ஒரே வாக்கியம் இருக்கிறது. அதிலிருந்து ஜூலையை நினைவுபடுத்திக்கொள்ள வழியில்லை. அதிகாரி வேலைக்கு 5, பண்புகளுக்கு 5, திறமைக்கு 6 என்று இடுகிறார். 5இன் 40 பங்கு 2.0, 5இன் 30 பங்கு 1.5, 6இன் 30 பங்கு 1.8. ஆக மொத்தம் 5.3, அதாவது 'நன்று'.

இதில் இரண்டு தவறுகள் கலந்திருக்கின்றன. ஆண்டின் முற்பகுதி மறைந்துபோனது ஒன்று. மற்றொன்று அதனினும் பெரியது. மே மாதப் பிழை இவ்வறிக்கைக்கு உரியதே அன்று. அது ஏப்ரல் முதல் தேதி தொடங்கிய புதிய ஆண்டைச் சேர்ந்தது. ஆண்டு முடிவதற்கும் அறிக்கை எழுதுவதற்கும் இடையே மூன்று மாதம் வரை இடைவெளி இருப்பதால், அடுத்த ஆண்டின் நிகழ்ச்சி இந்த ஆண்டின் அறிக்கைக்குள் ஓசையின்றி நுழைந்துவிடுகிறது. அதே பிழை அடுத்த ஆண்டும் நினைவுகூரப்பட்டால், ஒரு குற்றத்திற்கு இருமுறை தண்டனை கிடைத்ததாகும்.

இதற்கு மருந்து மிகவும் எளியது. அதிகாரி தம் மேசையில் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஊழியருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை ஒரு வரி எழுத வேண்டும். "கவனமானவர்", "சோம்பேறி" என்னும் அடைமொழிகள் அதில் வேண்டா. தேதி, செய்த வேலை, நேர்ந்த விளைவு என்னும் மூன்றும் இருந்தால் போதும். ஜூன் மாதத்தில் அந்தப் பக்கத்தை ஏப்ரலிலிருந்து தொடங்கிப் படித்து, மார்ச் 31க்குக் கீழே ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு அப்பால் உள்ளதை அடுத்த ஆண்டிற்கு விட்டுவிட வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் வரும் அதிகாரி அவ்வாறு செய்திருந்தால் வேலைக்கு 7 இட்டிருப்பார். பிப்ரவரித் தாமதத்தை அவர் மறந்துவிடவில்லை. அது இல்லாதிருந்தால் 8 இட்டிருக்கக்கூடும். மே மாதப் பிழை விலகிவிடுவதால் பொறுப்புணர்ச்சி முதலிய பண்புகளுக்கு 6. திறமைக்கு முன்போலவே 6. 2.8, 1.8, 1.8 ஆகியவற்றைக் கூட்டினால் 6.4, அதாவது 'மிக நன்று'. இரண்டு கணக்குகளிலும் ஊழியர் ஒருவரே, வேலையும் ஒன்றே. குறிப்பேடு இருந்ததும் இல்லாததுமே வேற்றுமை.

குறிப்பேடும் ஏமாற்றக்கூடும் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. பிழை நேர்ந்த நாளில் மட்டும் எழுதும் பழக்கம் வந்துவிட்டால் அது குற்றப் பட்டியலாகிவிடும். சத்தமின்றி வேலை செய்பவரின் பக்கம் வெறுமையாகவே இருக்கும். ஆகவே மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஒவ்வொருவர் பக்கத்திலும் எத்தனை வரிகள் உள்ளன என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. ஒருவருக்கு ஆறு வரியும் மற்றொருவருக்கு ஒரு வரியுமாக இருந்தால், அந்த மற்றொருவர் ஒன்றும் செய்யவில்லை என்று கொள்ளலாகாது. அதிகாரி அவரைப் பார்க்கவில்லை என்பதே பெரும்பாலும் பொருள்.

இரண்டாவது பிழை தாட்சணியம். இதன் வேர் சற்று ஆழமானது. முற்காலத்தில் இவ்வறிக்கைக்கு இரகசிய அறிக்கை என்றே பெயர். பாதகமான குறிப்பு மட்டுமே ஊழியருக்குத் தெரிவிக்கப்பட்டது. எல்லைப்புறச் சாலைகள் பணியில் இருந்த தேவ் தத் என்னும் பொறியாளர் வழக்குத் தொடர்ந்தார். பதவி உயர்வுக்கு 'மிக நன்று' வேண்டியிருக்க, ஓராண்டில் அவருக்கு 'நன்று' என்று எழுதப்பட்டிருந்தது. அது அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று 2008 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009இல் அரசும் முழு அறிக்கையையும் ஊழியருக்குக் காட்டவும், 15 நாட்களுக்குள் அவர் முறையிட்டுக்கொள்ளவும் வகை செய்தது.

இது நியாயமான சீர்திருத்தமே. ஆயினும், நாளைக்கும் எதிர் மேசையில் உட்காரப்போகிறவர் படிப்பார் என்று தெரிந்து எழுதும்போது கை இளகிவிடுவது மனித இயல்பு. 6 என்று எழுதினால் விளக்கம் சொல்ல வேண்டும், 8.5 என்று எழுதினால் ஒருவரும் கேட்பதில்லை. 9 முதல் 10 வரையும், 1 முதல் 2 வரையும் இடுவதற்குக் காரணம் காட்டியாக வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் 'மிகச் சிறப்பு' எட்டிலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே காரணம் கேட்கப்படாத ஒரு சந்து இருக்கிறது. தாட்சணியம் குடியிருக்கும் இடம் அந்தச் சந்துதான்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஒரு பிரிவில் மூவருக்கும் 8.2, 8.4, 8.5 என்று எண்கள் வருகின்றன. பக்கத்துப் பிரிவில் 6.2, 6.9, 7.8 என்று வருகின்றன என்று கொள்வோம். முதற் பிரிவில் உண்மையிலேயே சிறந்தவர் யாரென்று இனிக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டாம் பிரிவிலோ, நேர்மையாக எழுதும் அதிகாரியிடம் வேலை செய்த ஒரே காரணத்தால் நல்ல ஊழியர் ஒருவர் பின்தங்கிவிடுகிறார். தாட்சணியம் யாருடைய பணமும் அன்று என்று தோன்றினாலும், அதன் விலையை அடுத்த அறையில் இருப்பவர் செலுத்துகிறார்.

இங்கே திருத்தும் பொறுப்பு பெரும்பாலும் மறுபார்வை அதிகாரியைச் சேர்ந்தது. இரு பிரிவுகளின் எண்களையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தாலே ஐயம் எழும். ஆனால் ஐயம் தீர்ப்பாகிவிடாது. முதற் பிரிவு உண்மையாகவே திறமை மிக்கதாக இருக்கலாம். ஆகையால் எல்லோருக்கும் ஒன்றரை எண்ணைக் குறைத்துவிடுவது முறையன்று. நூற்றுக்கு இத்தனை பேர்தாம் சிறந்தவர் என்று பங்கு வகுத்துவிடுவதும் மூவர் உள்ள பிரிவுக்குப் பொருந்தாது. பெரிய தனியார் நிறுவனங்களிலும் அம்முறை மனக்கசப்பை விளைத்தது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2013இல் அதனைக் கைவிட்டது.

செய்யத்தக்கது வேலையையே பார்ப்பது. ஒவ்வொருவர் மொழிபெயர்ப்பிலிருந்தும் பத்துப் பக்கங்களை எடுத்து, பெயரை மறைத்து, இரு பிரிவுகளின் அதிகாரிகளும் தனித்தனியே எண் இட்டுப் பார்க்கட்டும். ஒரே பக்கத்திற்கு ஒருவர் 8ம் மற்றவர் 6ம் இட்டால், வேற்றுமை ஊழியரிடம் இல்லை, அளக்கும் கோலில் இருக்கிறது என்பது விளங்கிவிடும். அடுத்த ஏப்ரலிலேயே இருவரும் கூடிக் கோலை ஒன்றாக்கிக்கொள்ளலாம். பக்கந்தோறும் திருத்தம் வேண்டியிருந்தால் 5. கலைச்சொற்களை மட்டும் சரிபார்த்தால் போதுமானால் 7. மற்றவர்களுக்கு மாதிரியாகக் கொடுக்கத் தக்கதானால் 9 என்பது போல எழுத்தில் வகுத்துக்கொண்டு, அதனை ஊழியர்களுக்கும் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். எட்டு முதலே ஒரு குறிப்பிட்ட பணியைச் சான்றாகக் காட்ட வேண்டும் என்று மறுபார்வை அதிகாரி கேட்டால், முன்பு சொன்ன அந்தச் சந்தும் அடைபட்டுவிடும்.

இவை யாவும் பிழையை அடியோடு ஒழித்துவிடா. பத்துப் பக்கங்களைப் பார்த்து மொழிநடையை அளக்கலாம். ஓர் ஊழியர் நெருக்கடியில் துணை நின்றதை அளக்க முடியாது. அதற்குத் தேதியிட்ட குறிப்பே சான்று. ஊழியர்களும் தம் பங்கைச் செய்ய வேண்டும். "செவ்வனே முடித்தேன்" என்று எழுதுவதை விடுத்து, எந்த மாதத்தில் எந்த வேலை, எத்தனை பக்கம், எந்த நாளில் முடிந்தது என்று ஏப்ரலில் எழுதிக் கொடுத்தால், ஜூன் மாதத்தில் தம் அதிகாரிக்கு வரக்கூடிய மறதியைத் தாமே பாதி தடுத்தவர்கள் ஆவார்கள்.