ஒரு வரப்பு, ஓர் ஏணி, ஒன்பது நிமிடப் படம்

(கல்லூரி மாணவர்களுக்கான ஆவணப்படப் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்ன படம் எடுக்கப் போகிறீர்கள் என்று காலையில் கேட்டேன். சாதி, ஆணவக்கொலை, இடஒதுக்கீடு என்று சொன்னீர்கள். எல்லாமே எடுக்க வேண்டியவைதான். ஆனால் நான்கு வாரமும் மூன்று கைபேசியும் அவற்றுக்குப் போதாது. ஆனந்த் பட்வர்தனுக்கு 'ஜெய் பீம் காம்ரேட்' எடுத்து முடிக்க 14 ஆண்டுகள் ஆயின. ஆர்.பி.அமுதனின் 'பீ' மதுரையில் ஒரு தெருவையும், அதைச் சுத்தம் செய்யும் ஒரு பெண்ணின் வேலையையும் பார்க்கிறது. நமக்கு இரண்டாவது வழிதான் சரி. ஒரே இடத்தில் நின்று கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்லும் தலைப்பு, சேரியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதை.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், வழி மறிக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். கைபேசியில் எடுத்த அந்தக் காட்சி பரவிய பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்தது. அந்தக் காட்சிக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

போன ஆண்டு ஐந்து மாணவர்களோடு ஒரு கிராமத்தில் இதே தலைப்பில் படம் எடுத்தோம். முதல் நாளே ஒரு தவறு செய்தோம். கேமராவை நீட்டி, "இங்கே சாதிப் பாகுபாடு இருக்கிறதா?" என்று கேட்டோம். "அதெல்லாம் இல்லப்பா, அண்ணன் தம்பியாத்தான் இருக்கோம்" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. யாருடைய வயலில் நாளை கூலிக்குப் போக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியவில்லை.

கேமராவைப் பையில் வைத்துவிட்டு ஒரு வாரம் சும்மா போய்வந்தோம். பிறகு கேள்வியை மாற்றினோம். "உங்க அப்பாவை எந்த வழியா எடுத்துட்டுப் போனீங்க? அப்ப வயல்ல தண்ணி நின்னுச்சா?" என்று கேட்டதும் பேச்சு வந்தது. வரப்பில் ஒருவர்தான் நடக்க முடியும். பாடையை நான்கு பேர் தூக்கினால் இரண்டிரண்டு பேராகப் போக வேண்டும். அதனால் தூக்குகிறவர்கள் இருபுறமும் முழங்கால் சேற்றில் இறங்கித்தான் நடக்கிறார்கள். நட்ட பயிர் மிதிபட்டால் வயல்காரரோடு சண்டை வரும்.

ஒரு பெரியவர் வீட்டிலிருந்து மூங்கில் ஏணியை எடுத்துவந்து, "தூக்கிப் பாருங்க, தெரியும்" என்றார். எங்கள் பிள்ளைகள் நான்கு பேர் காலி ஏணியைத் தோளில் வைத்து அந்த வரப்பில் நடந்தார்கள். ஐந்தாவது ஆள் பின்னாலிருந்து, வெட்டாமல் ஒரே ஷாட்டாக எடுத்தார். ஊர்க்காரர்களின் சுடுகாட்டுக்குப் போகும் சிமெண்ட் சாலையிலும் அதே ஏணியோடு நடந்து எடுத்தோம். இந்த இரண்டு நடையும்தான் படம். யாருடைய துக்கத்திலும் கேமராவோடு நுழையவில்லை.

அடுத்தது ஆவணம். eservices.tn.gov.in தளத்தில் புல எண்ணைக் கொடுத்தால் அ-பதிவேட்டு விவரமும் புலப்படமும் கிடைக்கும். எங்கள் கிராமத்தில் அந்தப் புல எண் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தது. நேரில் அந்தப் பக்கம் வண்டிப்பாதையே இல்லை, நெல்தான் நின்றது. பதிவேட்டின் பக்கத்தைக் காட்டி, அடுத்து வயலைக் காட்டினோம். 'ஆக்கிரமிப்பு' என்று குரல் கொடுக்கவில்லை. எல்லை எங்கே என்று அளந்து சொல்வது நில அளவையரின் வேலை. நாமே ஒரு பெயரைச் சொல்லி அது தவறாகிவிட்டால், படம் மொத்தமும் பொய் என்றாகிவிடும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவதானால் முதல் நாளே போடுங்கள். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு, உங்கள் படமே அதற்குள் முடிந்துவிடும்.

செலவு பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் போக, சட்டையில் குத்தும் ஒரு மைக்குக்குத்தான். அதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். வயல்வெளியில் காற்று அடிக்கும். முதல் நாள் பதிவைக் காதில் மாட்டிக் கேட்டபோது பேச்சே இல்லை, காற்றுதான் இருந்தது. மைக்கின் மேல் பஞ்சுறை போட்டு, ஒவ்வொரு பேச்சையும் அங்கேயே கேட்டுப் பார்த்த பிறகுதான் நகர்ந்தோம்.

இரண்டாம் வாரம் மூன்று நாள் படப்பிடிப்பு. மூன்றாம் வாரம் படத்தொகுப்பு. நான்காம் வாரம், வேறு யாருக்கும் காட்டும் முன், சேரியில் ஒரு வீட்டுச் சுவரில் போட்டுக் காட்டினோம். ஓர் அக்கா தன் முகம் வேண்டாம் என்றார். எடுத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்தோம். இன்னொரு குடும்பம் குரலும் வேண்டாம் என்றது. படத்திலேயே அழுத்தமான பேச்சு அவர்களுடையதுதான். பிள்ளைகளுக்கு மனமில்லை, ஆனாலும் நீக்கினோம். படம் வெளியான மறுநாள் நாம் கல்லூரியில் இருப்போம், அவர்கள் அந்த வயலில் இருப்பார்கள்.

படம் பன்னிரண்டு நிமிடத்திலிருந்து ஒன்பதாகக் குறைந்தது. அந்தப் பெரியவர் பதிவேட்டுப் பக்கம் வந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னார். மறுவாரம் அதன் நகலை மனுவோடு இணைத்து வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறார். பாதை இன்னும் வரவில்லை. மனு எண் இருக்கிறது.