கணக்குக்கு மெட்டு கட்டலாமா?
(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேகம்பூரில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து பூட்டுக்காரர்களுக்கும் தோல் வியாபாரிகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன் நான். "நீ ரீல்ஸ் போடுறியாமே, அதப் பத்திப் பேசு" என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். ஊரெல்லாம் ஓடுகிற ஒரு பாட்டுத் துணுக்கை, அதாவது ட்ரெண்டிங் ஆடியோவை எடுத்துக் கணக்குப் பாடத்துக்குப் போடுவது எப்படி, போட்டும் மரியாதை கெடாமல் இருப்பது எப்படி என்பதுதான் பேச்சு.

முதலில் நான் பட்ட அடியைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் ஒரு வீடியோ போட்டேன். வரி நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முழிப்பது போல நடித்து, பின்னால் எல்லோரும் போடுகிற ஓர் அழுகைக் காமெடிச் சத்தத்தைச் சேர்த்தேன். நிறையப் பேர் பார்த்தார்கள். மூன்றாம் நாள் என்னிடம் கணக்கு எழுதும் பெரியவர் ஒருவர் வந்து, "என்னை வெச்சுத்தான் வெளையாடுறீங்களா தம்பி?" என்று கேட்டார். அவரை நினைத்து எடுக்கவில்லை. ஆனால் அந்த மாதம் அவருக்கும் நோட்டீஸ் வந்திருந்தது. அன்றே அந்த வீடியோவை எடுத்துவிட்டேன். கணக்கரிடம் மனிதர்கள் கொண்டுவந்து கொடுப்பது பில்லை மட்டுமல்ல, தங்கள் ரகசியத்தையும்தான். சிரிப்பு வாடிக்கையாளர் மேல் விழுந்தால் அடுத்த பில் நம்மிடம் வராது. சிரிப்பு தப்புக் கணக்கின் மேல் விழலாம், நம் மேலேயே விழலாம். அவர்கள் மேல் மட்டும் விழக் கூடாது.

இதைச் சரியாகச் செய்தவர்கள் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறார்கள். 2020 மார்ச்சில், கொரோனா வந்த புதிதில், கேரளா போலீஸ் ஒரு வீடியோ வெளியிட்டது. 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் அட்டப்பாடி நஞ்சியம்மா பாடிய பாட்டு அப்போது எல்லோர் வாயிலும் இருந்தது. அந்தப் பாட்டுக்கு ஆறு போலீஸ்காரர்கள் சீருடையோடு, முகக்கவசம் போட்டுக்கொண்டு ஆடினார்கள். ஆட்டத்துக்குள்ளேயே கை கழுவும் முறையைக் காட்டினார்கள். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு என்று ஒவ்வொன்றும் பாட்டின் நடைக்கு அழகாக உட்கார்ந்தது. உலகமே பார்த்தது, யாரும் போலீஸைக் கேலி செய்யவில்லை. காரணம் என்ன? பாட்டிடம் அவர்கள் கடன் வாங்கியது நடையை மட்டும்தான், விஷயம் அவர்களுடையது. சிரிப்பு வந்ததும் அவர்கள் ஆட்டத்தைப் பார்த்துத்தானே தவிர, நோயாளியைப் பார்த்து அல்ல.

இப்போது கணக்குக்கு வருவோம். நான் பிறகு எடுத்த ஒரு வீடியோவை அப்படியே பிரித்துக் காட்டுகிறேன். சொல்ல வேண்டிய விஷயத்தை முதலில் ஒரே வாக்கியமாகத் தாளில் எழுதினேன். "கடனுக்குச் சரக்கு விற்றாலும், பணம் வரும் வரை ஜி.எஸ்.டி. காத்திருக்காது." நம் ஊர்ப் பூட்டுக்காரர்களை அழ வைக்கிற விஷயம் இது.

ஜூன் 5-ஆம் தேதி ஒரு லட்ச ரூபாய்க்குப் பூட்டு விற்கிறார். வரி 18 சதவீதம், ஆக பில் ரூ.1,18,000. வாங்கியவர் அறுபது நாள் தவணை கேட்கிறார், அதாவது பணம் ஆகஸ்ட் 4-ல் வரும். மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர் என்றால் ஜூன் மாத வரியை ஜூலை 20-க்குள் கட்டியாக வேண்டும். பணம் வருவதற்குப் பதினைந்து நாள் முன்பே வரி போய்விடுகிறது. அந்தப் பதினைந்து நாள்தான் விஷயமே.

பிறகுதான் ஆடியோவைத் தேடினேன். கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை கேட்டேன். பன்னிரண்டு வினாடித் துணுக்கு. முதல் ஐந்து வினாடி மெதுவாக ஏறி, சட்டென்று நின்று, அப்புறம் தடாலென்று அடிக்கிறது. அந்த நிற்கிற இடம்தான் நமக்கு வேண்டியது. ஏறுகிற ஐந்து வினாடியில் பில்லும் தொகையும் திரையில் நிற்கும். நின்ற இடத்தில் 'ஜூலை 20: வரி' வரும். அடி விழும்போது 'ஆகஸ்ட் 4: பணம்' வரும். தொகையும் தேதியும் குறைந்தது மூன்று வினாடியாவது நிற்க வேண்டும். நம்பரைப் படிக்க விடாத வேகம் கணக்கருக்கு அழகல்ல.

முடித்ததும் இரண்டு சோதனை செய்தேன். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன், விஷயம் புரிகிறதா என்று. அடுத்து, திரையை மறைத்துவிட்டுக் கேட்டேன், பாட்டின் வார்த்தை வேறு அர்த்தம் கொடுக்கிறதா என்று. வேற்று மொழிப் பாட்டென்றால் தெரிந்தவரிடம் அர்த்தம் கேட்டுவிட வேண்டும். சாவையோ ஒரு சாதியையோ கிண்டல் செய்கிற துணுக்கு, கேட்க எவ்வளவு இனிமையாக இருந்தாலும் நமக்கு வேண்டாம்.

அப்படியும் தவறினேன். 'ரூ.18,000 கட்டணும்' என்று திரையில் போட்டிருந்தேன். என்னோடு படித்த நண்பர் ஒருவர் போன் செய்து, "டேய், பித்தளைத் தகடு வாங்கினப்போ கட்டின வரியக் கழிக்கலையே" என்றார். அவர் சொன்னது சரி. அந்த மாதம் வாங்கிய சரக்கில் ரூ.11,000 வரி வரவு இருந்தால், கையிலிருந்து கட்ட வேண்டியது ரூ.7,000-தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிட்டர்ன் போடுகிறவர்களுக்குத் தேதியும் வேறு, முதல் இரண்டு மாதத்துக்கும் பணம் கட்டக் கடைசி நாள் அடுத்த மாதம் 25. பன்னிரண்டு வினாடிக்குள் இதெல்லாம் அடங்காது. ஆகவே யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதைக் கீழே குறிப்பில் எழுதுகிறேன். பழைய வீடியோவை ஓசைப்படாமல் அழிக்கவில்லை. 'போன தடவை நான் சொன்னதில் பிழை' என்றே தலைப்பிட்டுத் திருத்தம் போட்டேன். அதன் பிறகு கடைக்கு வந்து கேள்வி கேட்டவர்கள்தான் அதிகம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. பாட்டுக்குச் சொந்தக்காரர் உண்டு. இன்ஸ்டாகிராமில் வியாபாரக் கணக்கு வைத்திருப்பவருக்கு எல்லாப் பாட்டும் கிடைக்காது. சொந்தக் கணக்கில் போட்டு நம் தொழிலுக்கு விளம்பரமாக ஆக்கினாலும் உரிமைச் சிக்கல் வரும். நான் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். அதே ஏற்றத்தையும் நிறுத்தத்தையும் வைத்துக்கொண்டு, கால்குலேட்டர் தட்டும் சத்தத்தையும், கடைசி அடிக்கு மாங்காய்ப் பூட்டு 'டக்' என்று பூட்டிக்கொள்ளும் சத்தத்தையும் செல்போனில் பதிந்தேன். திண்டுக்கல்காரன் காதுக்கு அதைவிடப் பொருத்தமான சத்தம் எது?

அடுத்தது, ஆடிட்டராகப் போகும் பிள்ளைகளுக்கு. 1949-ஆம் ஆண்டு பட்டயக் கணக்காளர் சட்டத்தின் முதல் அட்டவணை, வாடிக்கையாளரைத் தேடிப் பிடிப்பதையும் தொழில் விளம்பரத்தையும் கட்டுப்படுத்துகிறது. பாடம் சொல்வது வேறு, 'என்னிடம் வாங்க' என்பது வேறு. இன்ஸ்டிட்யூட் இந்த நெறிமுறைகளை அவ்வப்போது திருத்துகிறது. ஆகவே போடுவதற்கு முன் அன்றைய விதியைப் படித்துவிடுங்கள்.

ஒரு பாட்டு ஓரிரு வாரம்தான் ஓடும். அதற்குள் போட்டுவிட வேண்டுமே என்கிற அவசரத்தில்தான் நம்பர் தப்புகிறது. சரிபார்க்க நேரமில்லை என்றால் அந்தப் பாட்டை விட்டுவிடுங்கள், அடுத்த வாரம் வேறொன்று வரும்.

அந்தப் பெரியவர் இன்றும் என்னிடம்தான் கணக்கு எழுதுகிறார். புது வீடியோ போடுவதற்கு முன் அவருக்குத்தான் முதலில் காட்டுகிறேன். அவர் முகம் சுளித்தால் அது வெளியே போகாது.