வெளியேறுவோரும் உள்ளே வருவோரும்

பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலிய இசைநாடகமாகிய ஓப்பரா இருவகைப்படும். மன்னர், வீரர் ஆகியோரின் கதையைக் கூறுவது ஓப்பரா செரியா. பணிப்பெண், தோட்டக்காரர் போன்றோரையும் மேடையேற்றும் நகைச்சுவை வகை ஓப்பரா பூஃபா. கதைமாந்தரின் தகுதியைக் கொண்டே இவற்றைப் பிரித்துக் காண்பது வழக்கம். நாம் இன்று நாடகப் பனுவலின் அமைப்பைக் கொண்டு காண்போம்.

செரியாவின் பனுவலுக்கு நிலைத்த வடிவம் தந்தவர் கவிஞர் மெத்தஸ்தாசியோ. அவருடைய நாடகங்களில் உரையாடல், ஏழசை, பதினோரசை அடிகளில் பேச்சோட்டமாகச் செல்லும். காட்சியின் முடிவில் ஒருவர் பெரும்பாலும் இரு கண்ணிகள் கொண்ட தனிப்பாடலைப் பாடுவார். கண்ணியின் இறுதியடி அழுத்தம் பெற்ற அசையில் முடியும். அவ்வொலியே கண்ணி நிறைந்ததைச் செவிக்கு உணர்த்தும். பின்னர் முதற்கண்ணி புதிய இசையணிகளுடன் மீண்டும் ஒலிக்கும். பாடியவர் கைதட்டலோடு வெளியேறுவார். ஒரே பனுவலுக்கு இசையமைப்பாளர் பலர் இசையமைத்தமையால் கதையைப் பலரும் அறிந்திருந்தனர். எனவே, அடுத்து என்ன நிகழும் என்பதைவிட, இவர் எவ்வாறு பாடுவார் என்பதே அவர்களின் எதிர்பார்ப்பாயிற்று. உரையாடலின்போது அளவளாவியோரும் விரும்பிய பாடலுக்குச் செவிசாய்த்தனர்.

பூஃபாவில், கோல்தோனியின் பனுவல்கள் வழியாக, அங்க இறுதியில் நீண்ட கூட்டுப்பாடல் வேரூன்றியது. அங்கே பாத்திரங்கள் வெளியேறுவதில்லை. ஒருவர்பின் ஒருவராக உள்ளே வருகின்றனர். மோட்சார்ட்டின் 'ஃபிகரோவின் திருமணம்' (1786) இரண்டாம் அங்க முடிவை நோக்குவோம். பூட்டிய அறைக்குள் இளைஞன் ஒளிந்திருப்பதாக எண்ணிப் பிரபு மனைவியுடன் பூசலிடுகிறார். கதவு திறக்கப் பணிப்பெண் சூசன்னா வெளிப்படுகிறாள். பின் ஃபிகரோ வருகிறான். சன்னலிலிருந்து எவனோ குதித்துப் பூச்செடிகளை நசுக்கினான் எனத் தோட்டக்காரர் முறையிடுகிறார். அவர் சென்றபின் மேலும் மூவர் வழக்குடன் நுழைய, இருவர் பாடல் எழுவர் பாடலாக முடிகிறது. இசை இடையறாது ஓடுவதால், கவனம் சிதறினால் கதை கைநழுவும்.

இவ்வழக்கம் செரியாவுக்குள்ளும் புகுந்தது. மெத்தஸ்தாசியோ 1734இல் எழுதிய 'தீத்தோவின் கருணை', 1791இல் பிராகா நகர முடிசூட்டு விழாவுக்காக மோட்சார்ட்டின் இசையில் அரங்கேறியது. அதற்கெனக் கவிஞர் மத்சோலா மூன்று அங்கங்களை இரண்டாக்கினார். தனிப்பாடல்கள் பலவற்றை நீக்கி, இருவர், மூவர் பாடும் பாடல்களைச் சேர்த்தார். முதல் அங்க முடிவில் கேப்பிட்டல் தீப்பற்ற, மேடையில் ஐவரும் தொலைவில் குழுவினரும் பாடுகின்றனர். எனினும் பழமை முற்றும் அழியவில்லை. தீத்தோவைக் கொல்லத் துணியும் செஸ்தோ, மெத்தஸ்தாசியோவின் சொற்களிலேயே விடைபெற்றுப் பாடி வெளியேறுகிறான்.

ஆகவே, மாணவர்கள் ஓப்பராப் பனுவலைப் பயிலுங்கால் ஒவ்வொரு காட்சியின் முடிவையும் நோக்குக. பாடியவர் செல்கிறாரா, மேலும் ஒருவர் வருகிறாரா? பனுவலாசிரியர் தம் அவையோரிடம் எதிர்பார்த்த செவி எத்தகையது என்பது அவ்விடத்தில் புலப்படும்.