ஜாக்கெட் விலையில் நம்ம கூலி எங்கே?



வீட்டில் தனியாகத் தொழில் செய்கிற நாம், பொருள் செலவு போக மீதி எல்லாம் லாபம் என்று சொல்கிறோம். அந்த மீதிக்குள்ளதான் நம்ம கூலியும் இருக்கு. அதைப் பிரிச்சுப் பார்த்தால்தான் லாபம் வருதா இல்லையான்னு தெரியும்.

லைனிங் வச்ச ஒரு ஜாக்கெட்டை எடுத்துக்குவோம். தைக்க 200 ரூபாய் வாங்குறோம்னு வைங்க. லைனிங் துணி 80, நூலும் கொக்கியும் 15, கரண்ட், ஊசி, மெஷின் எண்ணெய்க்கு 10. மொத்தம் 105. மீதி 95 ரூபாய்.

இப்போ நேரத்தைப் பாருங்க. மெஷினில் தைக்கிறது ஒன்றே கால் மணி நேரம்தான். ஆனால் அளவெடுக்க கால் மணி, வெட்ட அரை மணி, ஹெம்மிங் பண்ணிக் கொக்கி வைக்க அரை மணி, தேய்ச்சு, பிடிப்பு சரி பண்ணிக் கொடுக்க கால் மணி, லைனிங் வாங்கப் போய் வர இந்த ஜாக்கெட்டின் பங்கு கால் மணி. மொத்தம் 3 மணி நேரம். 95 ரூபாயை மூன்றால் வகுத்தால் மணிக்கு 32கூட இல்லை. எட்டு மணி நேரம் உழைச்சால் 253 ரூபாய். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிச்ச நாள் கூலியே 336 ரூபாய். தையல் கத்துக்கிட்ட கைக்கு அதைவிடக் குறைவா?

நியாயமான கூலி எதுன்னு ஒரு கேள்வியில் கண்டுபிடிக்கலாம். எனக்கு உடம்பு முடியலைன்னா, இதே வேலைக்கு வர்ற தையல்காரம்மா நாளுக்கு எவ்வளவு கேட்பாங்க? உங்க ஊரில் விசாரிங்க. 480 என்றால் மணிக்கு 60. மூன்று மணிக்கு 180. செலவு 105ஐச் சேர்த்தால் 285. அதற்கு மேலே ஒரு 25 ரூபாய் வச்சால்தான் லாபம். நாளைக்குப் புது மெஷின் வாங்கவும், துணி கெட்டுப்போனால் ஈடு கொடுக்கவும் அதுதான் கை கொடுக்கும். ஆக விலை 310.

"எங்க தெருவில் 250க்கு மேல யாரும் தரமாட்டாங்க" என்பீங்க. சரி, 250இல் செலவு போக 145. மணிக்கு 60 கிடைக்கணும்னா வேலை 2 மணி 25 நிமிஷத்தில் முடியணும். கூலியைக் குறைக்காமல் 35 நிமிஷத்தைக் குறைக்க வழி தேடுங்க. அளவு ஜாக்கெட் கொண்டுவரச் சொன்னால் 10 நிமிஷம், மூன்று நான்கு ஜாக்கெட்டைச் சேர்த்து வெட்டினால் 15, வாரம் ஒரு தடவை மட்டும் லைனிங் வாங்கினால் 10. கூலி வந்துவிடும், லாபம் மட்டும் நிற்காது.

ஒன்று மட்டும் கவனிக்கணும். புதுசாக் கத்துக்கிட்டவங்க அஞ்சு மணி நேரம் எடுத்தால், அஞ்சு மணிக்கும் காசு கேட்க முடியாது. பழகின கைக்கு ஆகிற நேரத்தைத்தான் கணக்கு வைக்கணும்.

இந்த வாரம் அளவு நோட்டில் ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் பக்கத்தில் எந்த வேலைக்கு எத்தனை நிமிஷம்னு எழுதுங்க. அடுத்த குழுக் கூட்டத்துக்கு அந்த நோட்டோட வாங்க, சேர்ந்து விலை போடுவோம்.